காதோரம் முடியும் முகம்

2010இல் வெளிவந்த ‘தி சோஷியல் நெட்வொர்க்’ படத்தில் விங்கிள்வாஸ் என்ற இரட்டைச் சகோதரர்கள் வருகிறார்கள். இருவருக்கும் அச்சு அசலாக ஒரே முகம். கேமரனாக நடித்தவர் ஆர்மி ஹாமர். டைலராகப் படப்பிடிப்பில் நின்றவர் ஜோஷ் பென்ஸ் என்ற இன்னொரு நடிகர். உயரமும் உடல்வாகும் ஹாமருக்கு நெருக்கமாக இருப்பவர் என்பதால் அவரைத் தேர்ந்தார்கள். பிறகு லோலா என்ற விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனம் பென்ஸின் முகம் இருந்த இடத்தில் ஹாமரின் முகத்தைப் பொருத்தியது. நடை, தோள், கை எல்லாம் பென்ஸுடையவை. முகம் மட்டும் ஹாமருடையது. படம் பார்த்தவர்களில் பலர் இரட்டையர்களே நடித்ததாக நம்பினார்கள்.

முகமாற்றம் என்றதும் நம் கவனம் கண்ணுக்கும் வாய்க்கும் போகிறது. பார்வை உயிரோடு இருக்கிறதா, உதடு வசனத்தோடு சேர்கிறதா என்று பார்க்கிறோம். கம்பாசிட்டிங் செய்பவர்கள் முதலில் பார்ப்பது வேறிடம்: காதுக்கு முன்னால் இருக்கும் இரண்டு விரல் அகலப் பட்டை. புது முகம் முடிந்து பழைய தலை தொடங்குவது அங்கேதான். முகத்தின் நடுப்பகுதியை இன்றைய மென்பொருள்கள் வியக்கத்தக்க அளவுக்குச் செய்துவிடுகின்றன. அந்தப் பட்டையில்தான் பெரும்பாலான ஷாட்கள் தோற்கின்றன.

காரணத்தைத் தேட, முகத்தைக் கணினி எப்படி அடையாளம் காண்கிறது என்பதிலிருந்தே தொடங்கலாம். நெடுங்காலமாகப் புழங்கிவரும் ஒரு முறையில் முகத்தின் மேல் 68 புள்ளிகள் வைக்கிறார்கள். அவற்றில் 17 புள்ளிகள் ஒரு காதோரத்தில் தொடங்கித் தாடை வழியாக மறு காதோரம் வரை போகின்றன. மற்றவை புருவம், கண், மூக்கு, வாய். காதின் மேல் ஒரு புள்ளிகூட இல்லை. தலைமுடியின் மேலும் இல்லை. கணினியைப் பொறுத்தவரை காது முகத்தில் சேராது. இந்தப் புள்ளிகளைச் சுற்றி மாஸ்க் எனப்படும் முகமூடி வரையப்படும்போது அதன் விளிம்பு இயல்பாகவே நெற்றிப்பொட்டிலிருந்து இறங்கி, காதுக்கு முன்னால் ஓடி, தாடையின் கோணத்தில் திரும்புகிறது. கிருதா வளரும் இடமும் அதுவே. தொங்கும் காதணி அசையும்போது அடிக்கடி குறுக்கே வருவதும் அதே இடம்தான். தோல், முடி, உலோகம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று பொருள்களை ஒரே விளிம்பு வெட்டிக்கொண்டு போகிறது.

எங்கே, எப்படிக் கெடுகிறது என்று பார்க்க ஒரு ஷாட்டை எடுத்துக்கொள்வோம். சரித்திரப் படம். நாயகன் குதிரையில் விரைந்துகொண்டே பின்னால் துரத்துபவர்களைத் திரும்பிப் பார்க்கிறான். குதிரையில் இருப்பவர் டூப் கலைஞர். அவர் முகம் முன்பக்கத்திலிருந்து முழுப் பக்கவாட்டுக்குத் திரும்ப ஒன்றரை வினாடி ஆகிறது. நொடிக்கு 24 பிரேம் என்றால் 36 பிரேம்கள். நெற்றியிலிருந்து மோவாய் வரை முகம் திரையில் ஏறக்குறைய ஆயிரம் பிக்சல் உயரம். உண்மையில் அந்த உயரம் சுமார் 20 சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒரு பிக்சல் 0.2 மில்லிமீட்டர். இந்தக் கணக்கு கட்டுரை முழுக்க நமக்குப் பயன்படும். டூப்புக்கு அகன்ற தாடை. காதுச் சோணை கன்னத்தோடு ஒட்டியது. கிருதா பாதிக் காதோடு நின்றுவிடுகிறது. நாயகனுக்கு ஒடுங்கிய தாடை. சோணை தனியாகத் தொங்குகிறது. கிருதா காதின் அடிவரை இறங்குகிறது. இருவர் காதிலும் ஒரே மாதிரிக் குண்டலம்.

விளிம்பு தெரிகிறது என்றதும் யாருக்கும் முதலில் தோன்றுவது அதை மென்மையாக்கலாம் என்பதே. படங்களை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கும் அடிப்படைக் கணக்கு இது:

C = αF + (1−α)B

F மேலே வைக்கும் புது முகம், B அடியில் இருக்கும் பழைய படம், C நமக்குக் கிடைக்கும் நிறம். α என்பது மேலே இருப்பது எவ்வளவு மறைக்கிறது என்ற அளவு. 1 என்றால் முழு மறைப்பு, 0 என்றால் கண்ணாடி மாதிரி. மாஸ்க்கின் விளிம்பில் α சட்டென்று 1-லிருந்து 0-க்கு இறங்கினால் வெட்டி ஒட்டியது பளிச்சென்று தெரியும். அதனால் நாற்பது ஐம்பது பிக்சல் தூரத்துக்கு மெல்ல இறங்க விடுகிறார்கள். வெறும் கன்னத்தில் இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கிருதாவின் மேல் இதே செயல் என்ன செய்கிறது? பாதி மறைப்பு உள்ள இடத்தில் நாயகனின் முடி பாதி, டூப்பின் தோல் பாதி கலக்கின்றன. முடி என்பது கறுப்பும் தோல் நிறமும் மாறி மாறி வரும் மெல்லிய கோடுகள். அதைப் பாதியாகக் கலந்தால் கோடுகள் மங்கிச் சாம்பல் பூசிய மாதிரி ஒரு தீற்றல் மிஞ்சுகிறது. குண்டலம் அந்தப் பட்டைக்குள் வந்தால் பாதி ஒளி ஊடுருவும் தங்கமாகிவிடும். தாடையில் இரண்டு கோடுகள், ஒன்று அழுத்தமாகவும் ஒன்று மங்கலாகவும் தெரியும்.

விளிம்பை மறைக்க இதைவிட நுட்பமான வழிகளும் உண்டு. 1983இல் பீட்டர் பர்ட், எட்வர்ட் ஏடல்சன் இருவரும் ஒரு முறையைக் காட்டினார்கள். படத்தைப் பெரிய நிழல்கள், நடுத்தர வடிவங்கள், நுண்ணிய கோடுகள் என்று அடுக்குகளாகப் பிரித்து, பெரிய நிழல்களை அகலமாகவும் நுண்ணிய கோடுகளைக் குறுகலாகவும் கலப்பது அது. பாதி ஆப்பிளையும் பாதி ஆரஞ்சையும் இணைத்து அவர்கள் காட்டிய படம் இன்றும் பாடப்புத்தகங்களில் வருகிறது. 2003இல் பெரெஸ், காங்னே, பிளேக் என்ற மூவர் பாய்சான் சமன்பாட்டைப் பயன்படுத்தி வேறொரு வழி சொன்னார்கள். ஒட்டும் படத்தின் நிறங்களை அப்படியே எடுக்காமல், பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டை மட்டும் எடுப்பது. விளிம்பில் மட்டும் பழைய படத்தின் நிறத்தோடு கட்டாயமாகப் பொருந்தச் செய்வது. இதனால் இரண்டு தோல் நிறங்கள் வேறாக இருந்தாலும் தையல் தெரியாமல் சேர்ந்துவிடுகின்றன. முகமாற்றத்தில் இது பெரும் வரப்பிரசாதமாக அமைந்தது.

கிருதாவில் இந்த வரம் சாபமாக மாறுகிறது. நம் ஷாட்டில் மாஸ்க்கின் விளிம்பு ஓரிடத்தில் டூப்பின் கிருதாவைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 0 முதல் 255 வரையான அளவில் அந்த முடியின் வெளிச்சம் 40. அதே இடத்தில் நாயகனின் கன்னம் 150. விளிம்பில் பொருந்தியே ஆக வேண்டும் என்பதால் சமன்பாடு 110 அளவைக் குறைக்கிறது. அந்தக் குறைவு விளிம்போடு நிற்காது. உள்ளே போகப்போக மெல்லத் தேய்ந்தபடி கன்னம் முழுக்கப் பரவுகிறது. நாயகன் இரண்டு நாள் சவரம் செய்யாதவன் போல ஓர் அழுக்கு நிழல் கன்னத்தில் படிகிறது. அசையும் படத்தில் இன்னும் மோசம். தலை திரும்பும்போது விளிம்பு சில பிரேம்களில் முடியைத் தொடுகிறது, சிலவற்றில் தொடுவதில்லை. விளைவு, கன்னம் முழுவதும் விட்டு விட்டு இருண்டு வெளுக்கிறது. இப்படிச் சிமிட்டும் ஷாட் கையில் வந்தால் கன்னத்தின் நிறத்தைத் திருத்த உட்கார்வது வீண்வேலை. பிழை இருப்பது மூன்று விரல் தள்ளி, காதோரத்தில்.

ஆக, விளிம்பை எவ்வளவு மென்மையாக்கினாலும் தப்பான இடத்தில் இருக்கும் விளிம்பு தப்பானதுதான். அனுபவமுள்ளவர்கள் முதலில் அதை இடம் மாற்றுகிறார்கள். கன்ன எலும்புக்குக் கீழே முடியோ மடிப்போ இல்லாத வெறும் தோலுக்கு அதைக் கொண்டுவருகிறார்கள். அங்கே கலப்பு எளிது. அதற்குப் பின்னால் இருக்கும் கிருதா, காது, காதணி ஆகியவற்றை மாஸ்க்கின் பொறுப்பில் விடாமல் ஒவ்வொன்றையும் தனி அடுக்காகக் கட்டுகிறார்கள். அடியில் இருப்பதிலிருந்து மேலே வரும் வரிசை இது: வானமும் பின்னணியும், கழுத்து, காது, முகம், கிருதா, கடைசியில் குண்டலம். இந்த வேலையில் பாதி, எது எதற்கு முன்னால் இருக்கிறது என்பதை 36 பிரேம்களிலும் தவறாமல் வைத்திருப்பதுதான்.

முதலில் காலி இடம் வேண்டும். டூப்பின் தாடை நாயகனின் தாடையைவிட ஒவ்வொரு பக்கமும் முப்பது பிக்சல், அதாவது ஆறு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. புது முகத்தை வைத்த பிறகும் அந்தப் பழைய தாடை பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும். அதை அழிக்க வேண்டும். அழித்தால் அந்த ஆறு மில்லிமீட்டருக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். கேமராவுக்கு அருகில் இருக்கும் பக்கத்தில் அது கழுத்து. தாடையின் நிழலோடு சேர்த்து வரைந்துவிடலாம். தூரத்துப் பக்கத்தில் அது வானமும் புழுதியும். இங்கே தலையின் அசைவே உதவிக்கு வருகிறது. பத்தாவது பிரேமில் தாடை மறைத்த வானம் இருபதாவது பிரேமில் வெளியே தெரிந்திருக்கும். அதை எடுத்து, கேமராவின் அசைவுக்கு ஏற்ப நகர்த்தி, பத்தாவது பிரேமில் நிரப்புகிறார்கள். ஆளில்லாத இந்தப் பின்னணிக்குக் கிளீன் பிளேட் என்று பெயர். ஓடும் புழுதி மட்டும் இப்படிக் கிடைக்காது. அதைத் தனியாகச் சேர்க்க வேண்டியதுதான்.

தூரத்துக் கன்னத்தின் புறக்கோடு தனிக் கவனம் கேட்கிறது. அங்கே கலந்து மறைக்கத் தோலே இல்லை. முகம் முடியும் இடத்தில் நேராக வானம். உண்மையான லென்ஸ் வழியே பதிவான எந்தப் புறக்கோடும் ஒரே பிக்சலில் மாறுவதில்லை. கூர்மையாக இருக்கும்போதுகூட இரண்டு மூன்று பிக்சல் தூரத்தில் மாறுகிறது. பின்னால் இருக்கும் பிரகாசமான வானத்தின் ஒளி அந்த விளிம்பில் சிறிது கசிந்து உள்ளே வருகிறது. இந்தக் கசிவைச் செயற்கையாகச் சேர்க்காவிட்டால் முகம் அட்டையில் வெட்டி நிறுத்திய மாதிரி இருக்கும். அளவு மீறிச் சேர்த்தால் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வந்துவிடும். பக்கத்திலேயே டூப்பின் தோள் இருக்கிறது. அதன் விளிம்பு ஒட்டுவேலை இல்லாத உண்மையான விளிம்பு. அதைப் பெரிதாக்கிப் பார்த்து அளவெடுப்பதே பாதுகாப்பான வழி.

இப்போது காது. டூப்பின் காதை அப்படியே விடலாமா, நாயகனின் காதைக் கொண்டுவர வேண்டுமா? மிக எளிய வழி விட்டுவிடுவது. நேர்ப்பார்வையில் பல ஷாட்களில் அது போதும். பக்கவாட்டில் போதாது. காதின் மடிப்புகள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. கைரேகை பரவலாகும் முன்பே பாரிஸ் போலீஸில் அல்ஃபோன்ஸ் பெர்தியோன் குற்றவாளிகளின் காது வடிவத்தை அடையாளமாகக் குறித்துவைத்தார். படம் பார்ப்பவருக்கு நாயகனின் காது எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியாது. ஆனால் நூறு நெருக்கக் காட்சிகளில் பார்த்த முகத்தோடு வேறொரு காது சேர்ந்தால், ‘இவன் வேறு யாரோ மாதிரி இருக்கிறானே’ என்று தோன்றிவிடும்.

அளவும் ஒரு சிக்கல். முகத்தைப் பொருத்தும்போது இரண்டு கண்களுக்கு இடையிலான தூரத்தை வைத்துப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ செய்கிறார்கள். முகம் பொருந்துகிறது, காது பழைய அளவிலேயே நிற்கிறது. நேராகப் பார்க்கும் தலையில் காதின் மேல்முனை ஏறக்குறையப் புருவ மட்டத்திலும் அடிமுனை மூக்கின் அடி மட்டத்திலும் வரும் என்று ஓவியம் பழகும் மாணவர்கள் படிக்கிறார்கள். இந்தப் பொதுவிதி ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் விலகும். நாயகனின் சொந்தப் படங்களில் அந்த விலகல் எவ்வளவு என்று பார்த்து அதையே இங்கும் வைக்க வேண்டும்.

வயதைக் குறைக்கும் காட்சிகளில் இது இன்னும் முக்கியமாகிறது. ஜேம்ஸ் ஹீத்கோட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1995இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தம்மைப் போன்ற பொது மருத்துவர்களிடம் வந்த 206 பேரின் காதுகளை அளந்து, வயது ஏற ஏறக் காதின் நீளம் சராசரியாக ஆண்டுக்கு 0.22 மில்லிமீட்டர் கூடுவதாகக் கண்டார். ஐம்பத்தைந்து வயது நடிகரை இருபத்தைந்து வயதாக்கினால் வித்தியாசம் முப்பது ஆண்டு, அதாவது 6.6 மில்லிமீட்டர். நம் ஷாட்டின் அளவில் 33 பிக்சல். சுருக்கங்களை எல்லாம் நீக்கி முகத்தை இளமையாக்கிய பிறகும் ஏதோ உறுத்துகிறது என்றால், பெரியவரின் காது அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

நாயகனின் காதைக் கொண்டுவருவது என்று முடிவெடுத்தால், அதைக் கன்னத்தோடு ஒட்டிய தட்டையான படமாக நினைக்கக்கூடாது. காது மூக்குக்கு வெகு பின்னால் இருக்கிறது. தலை திரும்பும்போது மூக்கு ஒரு பக்கம் போகும், காது எதிர்ப்பக்கம் நகர்ந்து வரும். முன்பக்கத்தில் மெல்லிய கீற்றாகத் தெரிந்த மடல் பக்கவாட்டில் முழுதாக விரிகிறது. ஆகவே தோராயமாகவாவது முப்பரிமாண வடிவம் ஒன்றைச் செய்து, தலையின் அசைவோடு பூட்டி, அதன் மேல் நாயகனின் காதுப் படத்தை ஏற்ற வேண்டும். வெயில் பின்னாலிருந்து அடித்தால் இன்னொன்றும் சேரும். மடல் மெல்லியது, உள்ளே ரத்தம் ஓடுகிறது, ஒளி ஊடுருவும்போது விளிம்பு சிவந்து ஒளிர்கிறது. நிழலில் படம்பிடித்த காதை வெயிலில் வைத்தால் அது சாம்பல் நிறமாய், உயிரற்றதாய் நிற்கும்.

காது அசையவும் செய்கிறது. காதுத் துளைக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். தாடை எலும்பின் முனை விரலுக்கு அடியில் நகர்வது தெரியும். அந்த நகர்வு காதின் முன்பகுதியையும் துளையையும் மிக லேசாக உருமாற்றுகிறது. 2021இல் ஷ்ருதி அகர்வால், ஹனி ஃபரித் இருவரும் பொய்க் காணொளிகளைக் கண்டுபிடிக்க இதையே ஆயுதமாக்கினார்கள். முகம் முழுவதையும் மாற்றிய காணொளியில் முகம் ஒருவருடையது, காது இன்னொருவருடையது. காதின் வடிவத்தை ஒப்பிட்டால் போதும். உதட்டை மட்டும் மாற்றி வேறு பேச்சைப் புகுத்திய காணொளியில் காது அவருடையதே. ஆனால் அதன் அசைவு பழைய பேச்சின் தாடையோடு போகிறது, புது வாயோடு சேர்வதில்லை. அனுமதியில்லாமல் ஒருவர் முகத்தை எடுத்துப் பயன்படுத்துவோரைப் பிடிக்க இத்தகைய ஆய்வுகள் நிறைய வர வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். நம் நாயகன் வசனம் பேசினால், அவன் காதைக் கட்டுபவரும் இந்த நுண்ணசைவைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

அடுத்தது குண்டலம். டூப்பின் காதில் தொங்கியதை மறுபடி பயன்படுத்தலாமே என்று தோன்றும். பயன்படுத்தலாம், அதைப் பிரேம் பிரேமாக ஓரம் வரைந்து தனி அடுக்காக எடுத்து, கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறார்கள். ரோட்டோ என்று சொல்லப்படும் இந்த வேலை பொறுமையைக் கேட்பது. ஆனால் நம் ஷாட்டில் ஒரு தடை உண்டு. டூப்பின் சோணை ஒட்டியது, நாயகனுடையது தொங்குவது. தொங்கும் புள்ளியே இடம் மாறுகிறது. புள்ளி மாறிய பின் பழைய ஊசலாட்டத்தை அப்படியே வைத்தால் குண்டலம் காதில் தொங்காமல் பக்கத்தில் மிதக்கும்.

புதிதாகச் செய்தால் எப்படி ஆட வேண்டும்? பள்ளியில் படித்த ஊசல் விதி இங்கே போதுமானது.

T = 2π√(L/g)

தொங்கும் புள்ளியிலிருந்து எடையின் மையம் வரை L மூன்று சென்டிமீட்டர் என்றால், ஒரு முழு ஆட்டத்துக்கு 0.35 வினாடி. நொடிக்கு 24 பிரேமில் அது எட்டுப் பிரேமைவிடக் கொஞ்சம் அதிகம். ஐந்து சென்டிமீட்டர் தொங்கலுக்கு ஏறக்குறைய பதினொரு பிரேம். 36 பிரேம் ஷாட்டில் நம் குண்டலம் நான்கு முறை போய் வரும். பார்ப்பவர் யாரும் எண்ணுவதில்லை. ஆனால் சின்னப் பொருள் வேகமாகவும் நீளமானது நிதானமாகவும் ஆடும் என்பது தோடும் ஜிமிக்கியும் பார்த்து வளர்ந்த கண்ணுக்குப் பழகிப்போன விஷயம். இருபது பிரேம் எடுத்து ஆடும் சிறு குண்டலம் தண்ணீருக்குள் இருப்பதாகத் தோன்றும். ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியாக உருவாக்கும் முகமாற்ற மென்பொருள்கள் இங்கே சறுக்குகின்றன. அவற்றுக்கு ஊசல் தெரியாது; ஒரு பிரேமில் வளையம், அடுத்த பிரேமில் கொக்கி, பிறகு ஒரு மினுங்கும் புள்ளி என்று காதணி உரு மாறிக்கொண்டே இருக்கும்.

வேகமாக ஆடும் பொருள் கேமராவில் கூர்மையாகப் பதிவதில்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு பிரேமுக்கும் ஷட்டர் 1/48 வினாடி திறந்திருக்கும். முப்பது டிகிரி வரை ஆடும் நம் குண்டலம் கீழ்ப்புள்ளியைக் கடக்கும்போது நொடிக்கு 28 சென்டிமீட்டர் வேகத்தில் போகிறது. ஷட்டர் மூடுவதற்குள் கிட்டத்தட்ட ஆறு மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். திரையில் அது முப்பது பிக்சல் தீற்றல். ஆட்டத்தின் இரு முனைகளில் மட்டும் நொடிப்பொழுது நின்று கூர்மையாகத் தெரியும். இந்த மங்கலும் கூர்மையும் மாறி மாறி வருவதுதான் கண்ணை நம்பவைக்கிறது. பிறகு கழுத்தில் விழும் சிறு நிழல். குண்டலம் தோலை நெருங்கும்போது நிழல் இருண்டு கூர்மையாகவும், விலகும்போது பரவி வெளிறவும் வேண்டும். நிழலை மறந்துவிட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், நகை தோலைத் தொடுவதே இல்லை.

கிருதாவைக் கடைசிக்கு வைத்தேன். இந்த மூன்றில் என் கணிப்பில் அதுவே கடினமானது. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 0.07 மில்லிமீட்டர். நம் பிக்சல் 0.2 மில்லிமீட்டர். ஒரு முடி ஒரு பிக்சலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நிரப்புகிறது. கிருதாவின் ஓரத்தில் உள்ள எந்தப் பிக்சலும் முழு முடியும் இல்லை, முழுத் தோலும் இல்லை, எல்லாமே கலவை. அதனால் அந்த ஓரத்தை வெட்டி எடுப்பது நடக்காத காரியம். எங்கே வெட்டினாலும் கூடவே பழைய தோலின் நிறமும் ஒட்டிக்கொண்டு வரும்.

செய்யக்கூடியது, அழித்துவிட்டு மறுபடி வளர்ப்பது. டூப்பின் கிருதாவை முதலில் தோலால் மூடி அந்த இடத்தை வெறுமையாக்க வேண்டும். அடுத்து முடிக்கு அடியில் இருக்கும் தோலின் நிறத்தைப் போட வேண்டும். கறுத்த முடியுள்ளவர்களுக்கு அந்தத் தோல் கன்னத்தைப் போல் இருக்காது, தோலுக்குள் புதைந்த வேர்கள் தெரிவதால் சற்று நீலமும் சாம்பலும் கலந்திருக்கும். அதற்கும் மேலேதான் முடி. நாயகனை அதே வெளிச்சத்தில் படம்பிடித்திருந்தால், கருமையை மட்டும் பிரித்தெடுத்துத் தோலின் மேல் பெருக்கலாம். முடி தோலைவிட இருண்டது என்பதால் இது சாத்தியமாகிறது. நரைத்த கிருதாவில் இந்தத் தந்திரம் பலிக்காது. அப்போது கணினியில் ஒவ்வொரு முடியாக நட வேண்டும்.

நடும்போது வரும் பெரிய பிழை ஒழுங்கு. உண்மையான கிருதாவில் ஓரத்தை நெருங்க நெருங்க அடர்த்தி குறைந்து, தனித்தனி முடிகளாகி, பிறகு மெல்லிய பூனைமுடியாகிக் கன்னத்தில் கரைகிறது. மேல் பாதி தலைமுடி. கீழே போகப்போக அது தாடி முடியாகத் தடித்துச் சுருள்கிறது. இந்த மாற்றம் நடப்பது சரியாகக் காதுக்கு நேராக. ஒரே தடிமன், ஒரே சாய்வு, ஒரே அடர்த்தி என்று நட்டால் நாடகத்துக்கு ஒட்டிய பஞ்சு கிருதா வந்து சேரும். குதிரை ஓடும்போது காற்று எதிர்ப்பக்கமிருந்து அடிக்கிறது என்பதும் முடிக்குத் தெரிந்திருக்க வேண்டும். காதை ஒட்டிய சில நீள முடிகள் மடலின் மேல் விழுந்து விலக வேண்டும். காதைவிட முடி முன்னால் வருவது இங்கேதான், அடுக்கு வரிசை பிசகுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

எல்லாம் சேர்ந்த பின் படத்தின் பொடிமணல் போன்ற இரைச்சலைச் சமப்படுத்துகிறார்கள். கேமரா பதிவில் எந்தப் பரப்பும் முற்றிலும் அமைதியாக இருக்காது. வழக்கமாக நீல நிறத் தடத்தில் இந்த நடுக்கம் அதிகம். புதிதாக வரைந்த தோலிலும் நட்ட முடியிலும் அது இல்லை. எனவே வேலைக்கு முன் இரைச்சலை நீக்கி வைத்துக்கொண்டு, முடிவில் முழுப் பிரேமுக்கும் ஒரே அளவாகத் திரும்பச் சேர்க்கிறார்கள். சரிபார்க்க எளிய வழி, நீலத் தடத்தை மட்டும் கறுப்பு வெள்ளையாகத் திரையில் போட்டு, வெளிச்சத்தை ஏற்றிப் பார்ப்பது. மறைந்திருந்த மாஸ்க்கின் எல்லை அங்கே அமைதியான திட்டாகத் தெரிந்துவிடும். 2020இல் வந்த ‘ஃபேஸ் எக்ஸ்ரே’ என்ற ஆய்வும் இதே இடத்தைத்தான் குறிவைத்தது. ஒரு முகம் பொய்யா என்று நேராகக் கேட்காமல், இரண்டு படங்கள் கலந்த எல்லை எங்கேனும் இருக்கிறதா என்று தேட அதன் ஆசிரியர்கள் கணினியைப் பழக்கினார்கள்.

இத்தனை உழைப்பில் பாதியைப் படப்பிடிப்புத் தளத்திலேயே மிச்சப்படுத்தலாம் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். நேரமில்லை என்ற காரணத்தால் அதுவே முதலில் கைவிடப்படுகிறது. நாயகனின் கிருதாவை அளந்து டூப்புக்கு அதே நீளத்தில் ஒப்பனை முடி ஒட்டலாம். இரண்டு காதுகளையும் எல்லாக் கோணத்திலும் புகைப்படம் எடுத்து வைக்கலாம். ஆளில்லாமல் பின்னணியை ஒருமுறை படம்பிடிக்கலாம். நாயகனை அன்றைய வெயிலிலேயே நிறுத்தி, அதே வேகத்தில் தலையைத் திருப்பச் சொல்லிப் பதிவு செய்யலாம். ஒப்பனை முடி ஒட்டப் பிடிக்கும் நேரத்தைவிட, பின்னால் அதைக் கணினியில் நடப் பிடிக்கும் நேரம் பல மடங்கு.

அப்படியும் சில ஷாட்களில் இந்த எல்லை தாங்காது. நாயகன் முழுப் பக்கவாட்டையும் தாண்டித் தலையின் பின்பக்கம் தெரியத் திரும்பினால், முகம் என்று மாற்ற மிஞ்சுவது கன்னத்தின் ஒரு கீற்றுத்தான். காதும் கிருதாவும் குண்டலமுமே திரையை நிறைக்கின்றன. அந்த நிலையில் எல்லையைக் காதோரத்தில் வைப்பதை விட்டுவிட்டு மொத்தத் தலையையும் மாற்றுவதே மேல். 2008இல் ‘தி கியூரியஸ் கேஸ் ஆஃப் பெஞ்சமின் பட்டன்’ படத்துக்கு டிஜிட்டல் டொமைன் நிறுவனம் செய்தது அதைத்தான். உடலாக நடித்தவர்கள் தலையில் நீலத் துணிக் கவசம் அணிந்து நடித்தார்கள். அந்த இடத்தில் பிராட் பிட்டின் முதிய தலை, காதும் முடியும் சேர, முழுக்கக் கணினியில் செய்து வைக்கப்பட்டது. காதோரத்துச் சண்டை தீர்ந்து, எல்லை கழுத்துக்கு இறங்குகிறது. அங்கே எச்சில் விழுங்கும்போது ஏறி இறங்கும் குரல்வளையும், தலை திரும்பும்போது புடைக்கும் கழுத்துத் தசையும், சட்டைக் காலரின் நிழலும் அடுத்த வேலையாகக் காத்திருக்கின்றன.